முழுத் தடைக்கு வேண்டாம், பாதித் தடைக்கு வேண்டும்: பேஸ்மேக்கர் முடிவு எங்கே பிறக்கிறது

மண்டபம் முதல் தொண்டி வரையிலான கடலோர ஊர்களிலிருந்து நோயாளிகள் வந்து சேரும் அரசு மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், உறவினர்கள் கேட்ட கேள்விகளில் மிக நியாயமானதாக எனக்குத் தோன்றியது இதுதான்: "பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குப் பாதிதான் பிளாக்குன்னு சொல்றாங்க, அவங்களுக்கு பேஸ்மேக்கர் வைக்க மதுரைக்கு அனுப்புறீங்க. எங்க அப்பாவுக்கு முழு பிளாக்குன்னு கேஸ் ஷீட்ல எழுதியிருக்கு. அவருக்கு மட்டும் ஏன் சார் வேண்டாங்கிறீங்க?"

கேட்டவர் படகு ஓட்டுநர் ஒருவரின் மகன். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கும் ஒரு நோயில், மூன்றாம் நிலைக்குச் சிகிச்சை இல்லை, இரண்டாம் நிலைக்கு உண்டு என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்த இரண்டு நோயாளிகளையும் முன்வைத்தே இதை எழுதுகிறேன். இங்கே பேசப்படுவது ரத்தக்குழாயில் ஏற்படும் அடைப்பைப் பற்றியது அன்று. மேலறையில் பிறக்கும் மின்தூண்டல் கீழறைக்கு இறங்கும் பாதையில் ஏற்படும் தடையைப் பற்றியது. அந்தப் பாதையில் முதலில் வருவது ஏ.வி. கணு. அதற்குக் கீழே ஹிஸ் கற்றையும், அதிலிருந்து பிரியும் வலது, இடது கிளைகளும் உள்ளன. தடை எந்த நிலையில் இருக்கிறது என்பதைவிட, இந்தப் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் பேஸ்மேக்கர் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. மண்டபம் பக்கத்தில் கருவாடு வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பவர். சில மாதங்களாகவே திடீர் திடீரென்று விழுந்துகொண்டிருந்தார். மகனின் வார்த்தைகளில், "நின்னுக்கிட்டே இருப்பாங்க சார், சட்டுன்னு கீழ விழுந்துருவாங்க, அடுத்த நிமிசமே எந்திரிச்சு ஒண்ணும் இல்லைம்பாங்க." வெயில், பட்டினி, சர்க்கரை குறைவு என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். விழுவதற்கு முன் வியர்வை, குமட்டல், கண் இருட்டுதல் போன்ற முன்னறிவிப்புகள் எவையும் இல்லை என்பதையும், விழும்போது முகம் வெளிறி, நினைவு திரும்பும்போது சிவந்து போகிறது என்பதையும் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். வெயிலில் நின்று வரும் சாதாரண மயக்கம் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும். இப்படிப் பட்டென்று வந்து பட்டென்று தெளிவது, இதயம் சில விநாடிகள் நின்று மீண்டும் ஓடத் தொடங்கும் ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் மயக்கத்தின் சாயல்.

அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 42. ரத்த அழுத்தம் 180/70. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் மாத்திரையின் அளவைக் கூட்டத்தான் தோன்றும். வெளியில் அவருக்கு நடந்ததும் அதுதான், அம்லோடிபின் அளவு இருமுறை கூட்டப்பட்டிருந்தது. இதயம் மெதுவாகத் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் கூடுதலாக ரத்தம் நிரம்புகிறது, ஒவ்வொரு முறையும் கூடுதலாக வெளியேறுகிறது. முதியவர்களின் விறைத்த தமனிகளில் அது மேல் அழுத்தத்தை உயர்த்திக் காட்டுகிறது. இந்த நிலையில் அழுத்தத்தைக் குறைப்பதாக எண்ணி அடெனலால், மெட்டோபுரோலால் போன்ற, துடிப்பை மேலும் மெதுவாக்கும் பீட்டா தடுப்பு மாத்திரையைத் தொடங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். நல்வேளையாக யாரும் அதைச் செய்யவில்லை.

அவர் கையோடு கொண்டுவந்திருந்த பழைய இசிஜி தாளில் இயந்திரமே 'சைனஸ் பிராடிகார்டியா' என்று அச்சிட்டிருந்தது. அதாவது எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது, வேகம் மட்டும் குறைவு என்று பொருள். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தடை இருக்கும்போது இந்தப் பிழை நேர்வது வழக்கம்தான். மேலறைத் துடிப்பைக் காட்டுவது பி அலை, கீழறை துடித்து ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டுவது டி அலை. கீழே இறங்காத பி அலை, முந்தைய துடிப்பின் டி அலைக்குள் புகுந்து மறைந்துகொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் வழி எளியது: நாடித்துடிப்பு ஐம்பதுக்குக் கீழே இருந்தால், கண்ணுக்குத் தெரியும் இரண்டு பி அலைகளுக்கு நடுவே சரிபாதி இடத்தில் என்ன இருக்கிறது என்று வி1 லீடில் பார்ப்பேன். டி அலையில் காரணமில்லாத ஒரு கூம்போ வெட்டோ தெரிந்தால் அங்கே ஒரு பி அலை ஒளிந்திருக்கிறது. இவருடைய தாளில் பி அலைகள் 18 சிறு கட்டங்களுக்கு ஒருமுறை வந்தன. ஒரு நிமிடத்துக்கு 1500 சிறு கட்டங்கள் ஓடும் தாள் என்பதால், 1500-ஐ 18-ஆல் வகுத்தால் மேலறை வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 84. கீழறைத் துடிப்பு 36 கட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது 42. சரியாகப் பாதி. இரண்டு தூண்டல்களில் ஒன்றுதான் கீழே இறங்குகிறது.

இனிதான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. இரண்டாம் நிலைத் தடையில் இரண்டு வகைகள் உண்டு. பி அலை தொடங்கியதிலிருந்து கீழறை துடிக்கத் தொடங்கும் வரையிலான பி.ஆர். இடைவெளி ஒவ்வொரு துடிப்புக்கும் நீண்டுகொண்டே போய் ஒரு துடிப்பு விடுபட்டால் அது வெங்கெபாக் வகை; அந்தப் பெயருக்குரிய டச்சு மருத்துவர் இசிஜி மருத்துவப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, 1899-இல், நாடியின் பதிவுகளை வைத்தே இதை விவரித்தார் என்பது எனக்கு இன்னும் வியப்பு. இடைவெளி மாறாமல் இருந்து திடீரென்று ஒரு துடிப்பு விடுபட்டால் அது மோபிட்ஸ் இரண்டாம் வகை. முதலாவது வகையில் தடை பெரும்பாலும் கணுவிலேயே இருக்கும். இரண்டாவதில் எப்போதும் கணுவுக்குக் கீழே. ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று விடுபடும் தாளில் இந்த வேறுபாட்டைக் காண முடியாது. இடைவெளி நீள்கிறதா என்று பார்க்க, அடுத்தடுத்து இறங்கிய இரண்டு துடிப்புகளாவது வேண்டும். ஆகவே 'இரண்டுக்கு ஒன்று, மோபிட்ஸ் இரண்டு' என்று ஒரே தாளைப் பார்த்து எழுதுவது சரியன்று. வேறு தடயங்களைத் தேட வேண்டும்.

முதல் தடயம், கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலையின் அகலம். இவருடையது மூன்றரைக் கட்டம், அதாவது 140 மில்லி விநாடி, இயல்பைவிட அகலம். வலது கிளைத் தடையும், இதயத்தின் மின் அச்சு இடப்பக்கம் சாய்ந்திருப்பதும் தெரிந்தன. கீழ்ப் பாதையின் கிளைகளில் ஏற்கெனவே நோய் இருக்கிறது என்பதற்கு இது சான்று. இறங்கிய துடிப்புகளின் பி.ஆர். இடைவெளியோ நான்கு கட்டம், 160 மில்லி விநாடி. இயல்பான அளவு 120 முதல் 200 வரை. கணு நோயுற்றிருந்தால் இது நீண்டிருக்கும். கணு நன்றாக இருக்கிறது, கிளைகள் கெட்டிருக்கின்றன என்று இந்த இரண்டும் சேர்ந்து சொல்கின்றன.

இரண்டாவது தடயம் தானாகவே கிடைத்தது. எங்களிடம் வருவதற்கு முன் ஒரு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த தாளும் கூடவே இருந்தது. அதில் மேலறை வேகம் 84-இலிருந்து 110-க்கு ஏறியிருக்க, கீழறை வேகம் 42-இலிருந்து ஏறத்தாழ 36-க்கு இறங்கியிருந்தது. 'மருந்துக்குப் பலன் இல்லை' என்று குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். உண்மையில் அது பலனில்லாத தாள் அன்று, நோயின் இடத்தைக் காட்டிக்கொடுத்த தாள். அட்ரோபின், மேலறையில் தூண்டல் பிறக்கும் சைனஸ் கணுவையும் ஏ.வி. கணுவையும் மட்டுமே விரைவுபடுத்தும். கீழே உள்ள கிளைகளை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆகவே தூண்டல்கள் முன்பைவிட வேகமாகக் கிளைகளின் வாசலுக்கு வந்து குவிகின்றன. நோயுற்ற கிளை ஒன்றை அனுப்பிவிட்டு ஓய்வெடுப்பதற்குள் இரண்டு வந்து வீணாகின்றன. 110-இல் மூன்றுக்கு ஒன்று இறங்கினால் 36 அல்லது 37. கணக்கு பொருந்துகிறது. அடுத்தடுத்து இரண்டு தூண்டல்கள் இறங்காமல் போவதால் இதை உயர்தரத் தடை என்பார்கள். தடை கணுவில் இருந்திருந்தால் அதே ஊசியில் இரண்டுக்கு ஒன்று என்பது மூன்றுக்கு இரண்டாகவோ, முழுமையான கடத்தலாகவோ திருந்தியிருக்கும்.

ஊசி போடாமலே இதைச் சோதிக்கவும் வழி உண்டு. கட்டிலில் படுத்தபடி காலை மடக்கி நீட்டச் சொல்லி மானிட்டரைப் பார்த்தால் போதும். உழைப்பில் திருந்துவது கணுத் தடை, உழைப்பில் மோசமாவது கீழ்த் தடை. சுமையோடு நடக்கும்போதே இவர் அதிகம் விழுந்தார் என்று மகன் சொன்னதற்கும் பொருள் இதுதான். ஆனால் ஏற்கெனவே விழுந்துகொண்டிருப்பவரிடம் இதைச் செய்து பார்க்க நான் விரும்பமாட்டேன்.

இப்போது படகு ஓட்டுநருக்கு வருகிறேன். ஐம்பத்திரண்டு வயது, இரவுக் கடலிலிருந்து திரும்பி வலையைக் கரையேற்றும்போது நெஞ்சுவலி. இரண்டு, மூன்று, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. உயர்வு, அதாவது இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. மேலறை நிமிடத்துக்கு 90, கீழறை 48, இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஐயமின்றி மூன்றாம் நிலை, முழுத் தடை. ஆனால் கீழறைத் துடிப்பின் க்யூ.ஆர்.எஸ். குறுகலாக, இரண்டு கட்டத்துக்குள் இருந்தது.

மேலிருந்து தூண்டல் வராதபோது இதயம் உடனே நின்றுவிடுவதில்லை. தடைக்குக் கீழே இருக்கும் ஏதோ ஓர் இடம் தானே துடிப்பை எடுத்துக்கொள்கிறது. எஸ்கேப் துடிப்பு என்பது அதுதான். தடை கணுவில் இருந்தால், கணுவை ஒட்டிய சந்திப்புப் பகுதியே பொறுப்பை ஏற்கும்; அது நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிக்கும், இயல்பான கிளைகள் வழியாகவே இறங்குவதால் குறுகலாக இருக்கும், அட்ரோபினுக்கும் செவிசாய்க்கும். தடை கிளைகளில் இருந்தாலோ, கீழறைத் தசைக்குள்ளிருந்தே துடிப்பு பிறக்க வேண்டும். அது அகலமாக, 20 முதல் 40 வரை, நம்ப முடியாததாக இருக்கும். முன்னறிவிப்பின்றிச் சில விநாடிகள் நிற்கும். அல்லது மெதுவான துடிப்பினால், கீழறை துடித்து ஓய்வுக்குத் திரும்ப எடுக்கும் க்யூ.டி. நேரம் நீண்டு, டோர்சாட் என்னும் முறுக்கிய விரைவுத் துடிப்பாக மாறும். கடலோடிகளுக்குச் சொல்லும்போது நான் ஒரே ஓர் உவமையைத்தான் பயன்படுத்துவேன்: பெரிய எஞ்சின் நின்றபின் துணை எஞ்சினில் கரை சேருவதற்கும், துடுப்பை நம்பிக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

அடிச்சுவர் மாரடைப்பில் முழுத் தடை வருவதற்குக் காரணம், ஏ.வி. கணுவுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு தமனி பத்தில் ஒன்பது பேருக்கு வலது கரோனரி தமனியிலிருந்து பிரிவதுதான். கணு செத்துப்போவது அரிது. ரத்தம் கிடைக்காத பட்டினியிலும் அனிச்சை நரம்புத் தூண்டலிலும் அது தற்காலிகமாக உறங்குகிறது. ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போட்டோம். அட்ரோபினில் 48 என்பது 60-ஐத் தாண்டியது. இரண்டாம் நாள் இரண்டுக்கு ஒன்று, பிறகு வெங்கெபாக், நான்காம் நாள் பி.ஆர். இடைவெளி மட்டும் சற்று நீண்டிருக்கும் முதல் நிலை என்று, ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக அவர் இறங்கி வந்தார். இப்படித் திரும்பிவிடும் தடைக்கு நிரந்தர பேஸ்மேக்கர் வைப்பதில்லை. அதே முழுத் தடை முன்சுவர் மாரடைப்பில் வந்தால் கதை வேறு. அங்கே கிளைகளே தசையோடு சேர்ந்து அழிகின்றன, நிலைமை மிகவும் ஆபத்தானது.

மகனிடம் இதைச் சொல்லி முடித்தபோது அவர், "அப்ப அந்தம்மாவுக்கு பாதிதான்னாலும் அடியில போயிருச்சு, அப்பாவுக்கு முழுசுன்னாலும் மேலதான் இருக்கு, அப்படித்தானே சார்?" என்றார். அதைவிடச் சுருக்கமாக நான் சொல்லியிருக்க முடியாது.

திரும்பிவிடக்கூடிய காரணங்களைத் தேடாமல் யாரையும் மதுரைக்கு அனுப்பக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பீட்டா தடுப்பு மாத்திரைகள், டில்டியாசெம், வெரபமில், டிகாக்சின் ஆகியவற்றை எல்லோரும் கேட்பார்கள். கண் நீரழுத்தத்துக்குப் போடும், அதே பீட்டா தடுப்பு வகையைச் சேர்ந்த டைமலால் சொட்டு மருந்தைக் கேட்பவர்கள் குறைவு, ஏனெனில் கண்ணில் விடுவதை நோயாளிகள் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடம் பொட்டாசியம் உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: இளம் வயதினர் ஒருவர் வாந்தியோடும் முப்பத்தைந்து நாடியோடும் வந்தால், வேறு எதையும் கேட்பதற்கு முன் அரளி விதை தின்றாரா என்று தனியாக அழைத்துக் கேட்பேன். அரளியின் நஞ்சு டிகாக்சினைப் போலவே வேலை செய்யும். கருவியின் மின்தூண்டலால் துடிக்கவைக்கும் தற்காலிக பேஸிங் தேவைப்படலாம். நஞ்சு வெளியேறிவிட்டால் நிரந்தரக் கருவிக்கு வேலை இல்லை. அந்த அம்மாவுக்கு அம்லோடிபின் தவிர வேறு மருந்து இல்லை, பொட்டாசியம் 4.6, மாரடைப்புக்கான அறிகுறியும் இல்லை. வயதோடு கிளைகள் நார்பிடித்துப்போனதே காரணமாக எஞ்சியது.

காரணம் திரும்பாதது என்று உறுதியானால் விதி தெளிவானது. மோபிட்ஸ் இரண்டாம் வகை, உயர்தரத் தடை, முழுத் தடை ஆகியவற்றுக்கு அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரந்தர பேஸ்மேக்கர் பரிந்துரைக்கப்படுகிறது. வெங்கெபாக் வகைக்கும் முதல் நிலைக்கும், அந்தத் தடையால்தான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய தொந்தரவு இருந்தால் மட்டுமே. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கும் இளைஞர் ஒருவருக்கு இருபத்துநான்கு மணிநேரப் பதிவில் தூக்கத்தில் மட்டும் வெங்கெபாக் வந்தது. உறக்கத்தில் அவருடைய இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு வலுவாக இயங்குவதன் விளைவு அது. ஒன்றும் செய்யாமல் அனுப்பினோம். மயக்கம் இல்லாமல், வலது கிளைத் தடையும் அச்சு இடப்பக்கம் சாய்வதும் மட்டும் தற்செயலாகத் தெரிந்தாலும் கருவி வேண்டியதில்லை. ஆனால் வலது கிளைத் தடையும் இடது கிளைத் தடையும் மாறி மாறி வந்தால், மயக்கத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

அம்மாவை மதுரைக்கு அனுப்பியதில் ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டுக்கு ஒன்று கீழ்த் தடை வழியிலேயே முழுத் தடையாக மாறலாம் என்பதால், ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்பே தோலின் மேலிருந்தே மின்தூண்டல் கொடுக்கும் பேஸிங் பட்டைகளை நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டி, கருவி துடிப்பைப் பிடிக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் அனுப்பினோம். பரமக்குடியைத் தாண்டியதும் அதுவே நடந்தது. அகலமான துடிப்பு, நிமிடத்துக்கு 28, அம்மா பேச்சுக் குழறினார். உடன் சென்ற இளம் மருத்துவர் வேகத்தை 70-இல் வைத்து மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனார். 60 மில்லி ஆம்பியரில் பிடித்தது, பத்து கூட்டி 70-இல் நிறுத்தினார். பிடித்தது என்பதை மானிட்டரில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மின்னதிர்ச்சியில் நெஞ்சுத்தசை துள்ளுவதே திரையில் துடிப்பு போலத் தெரியும், கழுத்து நாடியும் அந்தத் துள்ளலில் ஏமாற்றும். தொடை இடுக்கில் நாடி 70 என்று விரலுக்குத் தெரிந்தால்தான் இதயம் உண்மையில் துடிக்கிறது. இது வலிக்கும் சிகிச்சை. நினைவுள்ளவருக்கு வலிமருந்தோ சிறிதளவு மயக்கமருந்தோ கொடுத்தாக வேண்டும். பட்டைகள் இல்லாத இடத்தில் டோபமைன் அல்லது அட்ரினலின் சொட்டாக ஏற்றிக்கொண்டு செல்லலாம். அட்ரோபினை மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டிருப்பது இவரைப் போன்றவருக்கு உதவாது.

மதுரையில் தொடைச் சிரை வழியாகத் தற்காலிகக் கம்பி வைத்து, மறுநாள் இடது காறை எலும்புக்குக் கீழே நிரந்தரக் கருவியைப் பொருத்தினார்கள். மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என்று இரண்டு கம்பிகள். மேலறை இயல்பாகத் துடிப்பதால் அதைக் கேட்டுக் கீழறையைத் துடிக்கவைக்கும் முறை. செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கியது. எந்நேரமும் கருவியின் துணையிலேயே கீழறை துடிக்கப்போகும் ஒருவருக்கு எக்கோவில் இதயத்தின் இறைப்புத் திறன் ஏற்கெனவே ஐம்பது சதவீதத்துக்கும் கீழே இருந்தால், வழக்கமான இடத்தில் கம்பி வைப்பதற்குப் பதில் கடத்தல் பாதையையே தூண்டும் முறையைப் பற்றி நிபுணரிடம் கேட்பது நல்லது. இவருக்கு அது தேவைப்படவில்லை.

கருவாட்டுக் கூடையைப் பற்றித்தான் பெரிய பேச்சாக இருந்தது. கம்பியின் நுனி உள்ளே பற்றிக்கொள்ளும் வரை, ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு, இடது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. கூடையைத் தலைக்கு ஏற்றுவதும் பிடித்துக்கொள்வதும் சரியாக அதே அசைவுதான். கம்பி நழுவினால் முதலில் தெரிவது பழைய மயக்கமோ, விடாத விக்கலோதான் என்று சொல்லி, மகள் கூடையை எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பிறகே அனுப்பினேன். காயம் ஆறும் வரை கடல்நீர் கூடாது, கைபேசியை அந்தப் பக்கத்துச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது என்பதோடு, படகில் எஞ்சின் ஓடும்போது அதன் மேல் குனிய வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கடலுக்குப் போவதில்லை என்று சிரித்தார்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் கருவியின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்தார்கள். 30 வரை இறக்கியும் சொந்தத் துடிப்பு எதுவும் வெளிப்படவில்லை. பாதித் தடையோடு வந்தவர், இப்போது முழுக்கவும் கருவியையே சார்ந்திருப்பவர். அதைக் கருவி அட்டையில் தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் கண்புரை அறுவைக்குப் போனபோது, மின்சூட்டுக்கோல் தேவைப்பட்டால் இருமுனைக் கருவியையே பயன்படுத்த வேண்டும், அறுவை முடிந்ததும் பேஸ்மேக்கரைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்த அட்டையைக் காட்டித்தான் கண் மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன்.